அப்பா திரும்பிப் பார்க்கும் ஐந்து விநாடி

செய்தி வந்தபோது பகல் பதினொன்றே முக்கால். இளவரசி விழுப்புரம் ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில் உள்ள ஸ்டுடியோவில் உட்கார்ந்து, ஒரு வாடிக்கையாளரிடம் போனில் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பழகிய பொய் என்பதால் நாக்கு தடுமாறவில்லை. எதிர்முனையில் பேசியவர் பனமலையைச் சேர்ந்த ஜெயம் அம்மாள். அவருடைய கணவர் பாண்டுரங்கனுக்கு முதலாண்டு நினைவு நாள் வருகிறது. அன்றைக்குப் பந்தலில் போட ஒரு சின்ன வீடியோ. பாண்டுரங்கன் ஏரிக்கரையில் நிற்பார், மெல்லத் தலையைத் திருப்பிப் பார்ப்பார், கைகூப்புவார். அவ்வளவுதான்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குதும்மா. திரும்பறப்போ மட்டும் என் கொழுந்தன் மாதிரி ஆயிடறாரு. மறுபடி நேரா பாக்கறப்பவும் அவன் மூஞ்சி கொஞ்சம் ஒட்டிக்கினுதான் இருக்குது."

"அது மெஷின் அப்படித்தாங்கம்மா பண்ணும். ஒரு செகண்டுதான். யாரு உத்துப் பாக்கப் போறாங்க?"

"நான் பாக்கறனேம்மா."

ஜெயம் அம்மாளின் கண் சரியாகத்தான் பார்த்திருந்தது. பாண்டுரங்கனுக்குப் பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. படத்தை வீடியோவாக்கும் ஏஐ கருவியிடம் ஒரு நேர்முகப் படத்தைக் கொடுத்து அசையச் சொன்னால், முதல் ஃபிரேம் மட்டும்தான் கொடுத்த படம். அடுத்து வருவதெல்லாம் கருவியின் ஊகம். முகம் நேராக இருக்கும்வரை ஊகம் அதிகம் தப்பாது. தலை திரும்பினால், தான் பார்த்தேயிராத காதையும் தாடையையும் அது எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். எத்தனையோ ஆயிரம் முகங்களில் படித்ததை வைத்து யாரோ ஒருவரின் தாடையைப் பொருத்திவிடும். திரும்பிய தலை மறுபடி நேராக வரும்போது பழைய முகம் வராது, அந்த யாரோவின் சாடையோடு வரும். இதைத் தடுக்க இளவரசி ஒரு குறுக்கு வழி வைத்திருந்தாள். குடும்பத்தில் சாடை ஒத்த ஒருவரின் பக்கவாட்டுப் படத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுவாள். பாண்டுரங்கனுக்கு அவர் தம்பியின் படத்தைக் கொடுத்திருந்தாள். குழுப் படம் ஒன்றின் ஓரத்தில் அவர் நின்றிருந்தார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே போனில் இன்னொரு அழைப்பு வந்தது. திரையில் தம்பி மனைவி கலைப்பிரியாவின் பெயர். இளவரசி அதைத் துண்டித்தாள். மறுபடி வந்தது. மறுபடியும் துண்டித்தாள். ஒரு செகண்டுதான், யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதை ஜெயம் அம்மாளுக்கு இன்னும் ஒருமுறை விளக்கிவிட்டுத்தான், மூன்றாவது முறை எடுத்தாள்.

"அண்ணி, ஜல்தியா கெளம்பி வாங்க. மாமா மோட்டார் கொட்டாய்ல ஒக்காந்தவரு எழுந்திருக்கல."

அப்படிப் போனார் பெருமுக்கல் சக்கரபாணி. மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் கட்டிவிட்டு நிழலில் உட்கார்ந்தவர். அறுபத்து நான்கு வயது. மூன்று ஏக்கர் சொந்த நிலம், ஒரு டிவிஎஸ் வண்டி, தேவா என்ற மகன், இளவரசி என்ற மகள். வலி என்று ஒருநாளும் படுத்ததில்லை. ஆனால் முகத்தில் ஒரு பழைய காயத்தின் தழும்பு உண்டு. டீசல் இன்ஜின் இருந்த காலத்தில், கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பும்போது அது திருப்பி அடித்து, கண்ணுக்குக் கீழே கன்னம் பிளந்துபோனது. தைத்த இடம் சுருங்கி, சிரித்தால் அந்தப் பக்கத்துக் கண் மட்டும் முழுதாக மூடிக்கொள்ளும். கண்ணடிக்கிறார் என்று கல்யாண வீடுகளில் கொழுந்தியாள்கள் சண்டைக்கு வருவார்கள்.

திண்டிவனம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஸ்டுடியோ முதலாளி அமீர் பாட்சா கூப்பிட்டார். கோட்டக்குப்பத்துக்காரர். நல்ல மனிதர்.

"இளவரசிம்மா, மனச தேத்திக்க. பேனர் நான் அடிச்சு அனுப்பறேன், அந்தக் கவலை உனக்கு வேணாம். அப்பா போட்டோ ஒண்ணு மட்டும் தட்டி உடு."

போனைத் திறந்து தேடினாள். மணமக்கள், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு என்று ஊரார் முகங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அப்பா இல்லை. கையில் மாத்திரைச் சீட்டோடு தேவாவின் போனிலிருந்து அவர் அனுப்பிய படம் ஒன்று இருந்தது. அதில் விரல்கள்தான் இருந்தன. கடைசியில் தேவாவின் கல்யாண ஆல்பத்திலிருந்து ஒன்றை எடுத்து அனுப்பினாள். ஆல்பத்தை வடிவமைத்தது அவள்தான். பட்டு வேட்டி, சந்தனம், நேரான பார்வை. தெளிவான படம்.

அவள் ஊர்போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில், அமீர் பாட்சா திண்டிவனத்தில் அடிக்கச் சொன்ன பேனரும் வந்து, தெருமுனையில் கட்டியாகிவிட்டது. கண்ணீர் அஞ்சலி. பேனருக்குக் கீழே நின்று சித்தப்பா தாண்டவராயன் அண்ணாந்து பார்த்தார். அப்பாவுக்கு நேர் இளையவர். துக்கத்திலும் வாய் சும்மா இருக்காத ஆள்.

"யாருய்யா இது? நம்ம வூட்டுல செத்தவரு வேற ஆளா?"

"மாமா, சும்மா இருங்க" என்றாள் கலைப்பிரியா.

"இல்ல, கேக்கறேன். எங்க அண்ணன் மூஞ்சில கோடு இருக்குமே. இவருக்கு சினிமாக்காரன் மாதிரி வழவழன்னு கீது."

இளவரசி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். தழும்பு இல்லை. இருக்க முடியாது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஆல்பம் போடும்போது அதை அழித்தது அவளே. மணமக்களின் பருவை அழிக்கிற அதே தூரிகையால், அதே போக்கில், அப்பாவின் கன்னத்தையும் ஒரு இழுப்பு. ஆல்பம் முழுக்க. அன்றைக்கு அப்பா ஆல்பத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது பாப்பா. மாப்ளைக்குப் பக்கத்துல நிக்கறாரே, யாரு இவரு?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். படத்தில் அவருக்கு இரண்டு கண்களும் ஒரே அளவில் இருந்ததை அவர் விரலால் தடவிப் பார்த்ததும் நினைவிருக்கிறது. தழும்பை அழிக்காத மூலப் படங்கள் ஸ்டுடியோவில் ஒரு வருஷம் இருக்கும். இடம் போதாதபோது நீக்குவார்கள். தம்பி கல்யாணத்தையும் அப்படித்தான் நீக்கினாள்.

பேனரின் கீழே பாடை கிளம்பியது. தழும்புள்ள முகம் பூவுக்குள் போனது. தழும்பில்லாத முகம் மேலே நின்று எல்லோரையும் பார்த்தது.

மூன்றாம் நாள் பால் தெளித்து வந்த பிறகு அம்மா அஞ்சம்மாள் அவளைக் கூப்பிட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பாப்பா, நீ ஊருக்கெல்லாம் பண்ணித் தரியே, செத்தவங்கள அசைய வெச்சு."

"ம்."

"கருமாதிக்கு உங்க அப்பாவுக்கும் பண்ணு. பெருசா ஒண்ணும் வேணாம். கொல்லையில தண்ணி பாய்ச்சப் போறப்போ கேட்டாண்ட வண்டிய நிறுத்திட்டு ஒருவாட்டி திரும்பிப் பாப்பாரு. ஒண்ணும் பேசமாட்டாரு. பாத்துட்டுப் பூடுவாரு. அது போதும்."

இளவரசி சரி என்று சொன்னாள். வேறென்ன சொல்வது? எத்தனை குடும்பங்களுக்குச் செய்து கொடுத்த கை. ஆனால் அம்மா கேட்டது திரும்பும் முகம். அப்பா கேட் அருகே திரும்பிப் பார்ப்பார் என்பதே அவளுக்குத் தெரியாது. கல்லூரிக்குப் போன நாளிலிருந்து அவள் விடியும் முன்பே கிளம்பிவிடுவாள், இருட்டிய பிறகுதான் வருவாள். பிறகு விழுப்புரத்திலேயே விடுதி.

படம் கேட்டு வீடு முழுக்க அலைந்தாள். கலைப்பிரியாதான் நிறைய வைத்திருந்தாள். மாமனாரோடு செல்ஃபி எடுப்பது அவளுக்கு ஒரு விளையாட்டு. கேப்பைக் கூழ் குடிக்கிற மாமா, பனியனோடு வண்டி துடைக்கிற மாமா, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நாக்கைத் துருத்துகிற மாமா. இளவரசி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். மகளின் போனில் விரல்கள். மருமகளின் போனில் அப்பா.

"எடுத்துக்கங்க அண்ணி. உங்களுக்கு இல்லாததா?" என்றாள் கலைப்பிரியா. அவள் வேறெதையும் நினைத்துச் சொல்லவில்லை.

மடிக்கணினியில் படங்களை வரிசையாகப் போட்டு, முதல் வீடியோத் துண்டை ஓட்டிப் பார்த்தாள். அப்பா நேராகப் பார்க்கிறார். இமைக்கிறார். இமைத்துத் திறந்தபோது வலக்கன்னத்தில் இருந்த தழும்பு மங்கி, இடக்கன்னத்தில் ஒரு கோடு கிளம்பியது. இன்னொரு துண்டில் இரண்டு பக்கமும் லேசாக இருந்தது. மற்றொன்றில் பாதி வழியில் கன்னம் வழவழப்பாகிவிட்டது. ஆல்பத்து மாப்பிள்ளைத் தகப்பனார் வந்து நின்றார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. கலைப்பிரியாவின் பழைய போன், செல்ஃபியைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாற்றியே சேமிக்கும். புதிய போன் நேராகத் திருப்பிச் சேமிக்கும். இரண்டு போனின் படங்களும் கலந்து கிடந்தன. ஒரு மனிதருக்கு இரண்டு முகங்களைக் காட்டி, இதுதான் இவர் என்று கருவியிடம் சொல்லியிருக்கிறாள். கூடவே தழும்பை அழித்த மூன்றாவது முகத்தையும் கொடுத்திருக்கிறாள். அது மூன்றையும் நம்பியது. ஒரு ஃபிரேமில் ஒன்றை நம்பியது, அடுத்ததில் மற்றொன்றை.

சரிசெய்வது எளிது. தவறான பக்கம் உள்ளவற்றைத் திருப்பிப் போட்டு, ஆல்பப் படங்களை நீக்கினால் போதும். ஆனால் எது தவறான பக்கம்? எந்தப் படம் எந்தப் போன் என்று கலைப்பிரியாவுக்கும் சொல்லத் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் போய் வந்ததில் எந்தப் போன் என்கிற குறிப்பு எல்லாவற்றிலும் போய்விட்டது.

இளவரசி திரையைப் பார்த்தாள். வலமா, இடமா? கண்ணை மூடிப் பார்த்தாள். அப்பா வந்தார், தழும்போடு வந்தார். எந்தப் பக்கம் என்று உற்றுப் பார்த்தபோது அது நழுவியது. வாடிக்கையாளர்களிடம் தினமும் கேட்கிற கேள்வி: "பாத்துச் சொல்லுங்க, அவங்க மூஞ்சிதானே?" அவர்கள் சொன்ன பிறகுதான் வேலை முடியும். இப்போது சொல்ல வேண்டியவள் அவள். அவளுக்குத் தெரியவில்லை.

கடைசியில் முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம் போய்க் கேட்டாள். சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அம்மா, அப்பாவுக்குத் தழும்பு எந்தப் பக்கம்?"

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் சித்தப்பாதான் ஆரம்பித்தார்.

"அடிப் பாவி. பெத்த அப்பன் மூஞ்சி தெரியலயா? டிகிரி வேற வாங்கினா."

"தெரியும் சித்தப்பா. கம்ப்யூட்டருக்காகக் கேட்டேன்."

"கம்ப்யூட்டரு கேக்குதா? இடது பக்கம்னு சொல்லு."

"வலது பக்கம் மாமா" என்றாள் கலைப்பிரியா.

"நீ நேத்து வந்த பொண்ணு. நான் அவன் கூடவே வரப்புல நடந்தவன். எனக்கு இடது பக்கம் நடப்பான்."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சது அவரு வலது கன்னம்தான மாமா?"

சித்தப்பா வரப்பில் நடப்பதுபோல எழுந்து நின்று, அண்ணனைப் பக்கத்தில் நிறுத்தி, கையால் கணக்குப் போட்டுப் பார்த்தார். துக்கம் கேட்க வந்தவர்களில் ரெண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெரியம்மா கோவிந்தம்மாள், "இன்னாடா கூத்து இது, பதினாறு முடியறதுக்குள்ள?" என்றாள்.

அஞ்சம்மாள் கையைத் தூக்கித் தன் இடக்கன்னத்தைத் தொட்டாள். "இங்க" என்றாள்.

"அது உன் இடது கன்னம்மா. அவருக்கு இடதா? இல்ல எதிர்ல நின்னு பாத்தா உனக்கு இந்தப் பக்கம் தெரியுமா?"

"நான் எதிர்லதான பாத்தேன்?" என்றாள் அம்மா. கையை எடுத்தாள். வலக்கன்னத்தில் வைத்தாள். மறுபடி இடக்கன்னத்துக்குக் கொண்டுபோனாள். "இங்கதான். இல்ல... குடிக்கத் தண்ணி குடுக்கறப்போ இந்தாண்ட..." கை நடுவிலேயே நின்றுவிட்டது.

அவள் முகத்தில் வந்த பயத்தை இளவரசி பார்த்தாள். முப்பத்தைந்து வருஷம் கூட இருந்த முகம் அது. சற்று முன்புவரை அஞ்சம்மாளுக்குள் அசையாமல் இருந்தது. எந்தப் பக்கம் என்று யாரும் கேட்காதவரை அதற்குப் பக்கமே தேவைப்படவில்லை. இப்போது அங்கேயும் தழும்பு இடம் மாற ஆரம்பித்துவிட்டது. கருவி செய்ததை மகளும் செய்துவிட்டாள்.

"வுடும்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். அறைக் கதவைச் சாத்தவும் கூச்சமாக இருந்தது, திறந்து வைக்கவும் கூச்சமாக இருந்தது.

மறுபடி படங்களைத் தள்ளினாள். பனியன், வெற்றுடம்பு, துண்டு. கடைசியில் ஒரு படம். ஓட்டுப் போட்டுவிட்டு வந்து எடுத்தது. சட்டை போட்டிருக்கிறார். பையில் சின்ன பட்டன் போன் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆண்கள் சட்டையில் பை இடது மார்பில்தான் இருக்கும். கல்யாண வேலையில் திரும்பிப்போன படங்களைப் பிடிக்க அவள் முதலில் பார்ப்பதே அதைத்தான். தழும்பு பைக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. படம் திரும்பியிருந்தாலும் நேராக இருந்தாலும் அது மாறாது. ஆகவே வலது கன்னம்.

யாரோ ஒரு பார்ட்டியின் படத்தைச் சரிபார்ப்பதுபோல, அப்பாவின் முகத்தைச் சட்டைப் பையை வைத்துக் கண்டுபிடித்தாள்.

போய் அம்மாவிடம் சொன்னாள். "வலதும்மா. நீ மொதல்ல காட்டினதுதான் சரி. எதிர்ல நின்னா உன் இடது பக்கம் வரும்."

"எப்படித் தெரிஞ்சுது?"

"சட்டைப் பையி."

அஞ்சம்மாள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

மீதி வேலை வேகமாக நடந்தது. படங்களை ஒரே பக்கமாகத் திருப்பினாள். ஆல்பத்தை நீக்கினாள். முகம் சின்னதாகத் தெரிகிற படங்களையும் நீக்கினாள். முகத்துக்குப் படப் புள்ளிகள் குறைந்தால் கருவி தன் இஷ்டத்துக்கு நிரப்பும். நீளமாக ஒரே ஓட்டமாக எடுக்கவில்லை. ஒரு துண்டின் கடைசி ஃபிரேமிலிருந்து அடுத்த துண்டைத் தொடங்கினால், நகலை நகல் எடுப்பதுபோல ஒவ்வொரு தடவையும் முகம் கொஞ்சம் கரையும். அதனால் ஒவ்வொரு துண்டையும் உண்மையான படம் ஒன்றிலிருந்தே புதிதாகத் தொடங்கினாள். அப்பா நேராகப் பார்த்தார். இமைத்தார். துண்டைத் தோளில் சரிசெய்தார். தழும்பு வலக்கன்னத்திலேயே நின்றது.

சிரிப்பு வரவில்லை. அதாவது, சிரித்தார்; ஆனால் இரண்டு கண்களும் சமமாகச் சுருங்கின. வாய்விட்டுச் சிரிக்கிற படம் ஒன்றுகூடக் கையில் இல்லை, அப்படி ஒரு கண் மூடுவதைக் கருவி பார்த்ததே இல்லை. ஆல்பத்தில் சிரித்திருந்தார். அந்தக் கண்ணைத்தான் அவள் சரிசெய்து வைத்திருந்தாள். சிரிப்பு தொடங்கும் இடத்தில் துண்டை வெட்டினாள்.

திரும்புவது இன்னும் மோசம். அமீர் பாட்சாவிடம் போனில் கேட்டாள்.

"சைடு போட்டோ இல்லன்னா வழக்கமா பண்றதுதான? உன் சித்தப்பா அப்படியே அப்பா மாதிரிதான் இருக்காரு. அவரு சைடைக் குடு. யாருக்குத் தெரியப் போவுது?"

"அம்மாவுக்குத் தெரியும் பாய்."

"ஒரு செகண்டுதானம்மா."

அவளுடைய வார்த்தை அவளிடமே திரும்பி வந்தது. போனை வைத்தாள்.

இது எப்படியோ சித்தப்பா காதுக்கும் போய்விட்டது. மறுநாள் அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசி வந்து நின்றார். சுவரோரம் பக்கவாட்டாகத் திரும்பி, தாடையைத் தூக்கினார்.

"எடு."

"சித்தப்பா, வேணாம்..."

"எடும்மா. எங்க அண்ணனுக்கு வேற இன்னா குடுக்கறது? இந்தக் கன்னமாவது ஆவட்டும்."

"உசுரோட இருக்கறவன் மூஞ்சிய செத்தவனுக்கு வெக்கறதா? பேஜாரு புடிச்சவனே" என்று கோவிந்தம்மாள் உள்ளேயிருந்து கத்தினாள்.

"நான் செத்தா அவன் மூஞ்சிய எனக்கு வெச்சுக்கறேன், நீ சும்மா கெட." அவர் அசையவில்லை.

இளவரசி எடுத்தாள். மறுக்கத் தெரியவில்லை. படம் நன்றாக வந்தது. அதைச் சேர்த்து, ஐந்து விநாடித் துண்டாக ஒருமுறை ஓட்டியும் பார்த்தாள். கேட் அருகே வண்டி, அப்பாவின் முதுகு, தலை திரும்புகிறது, காது, தாடை. முகம் முழுதாக வந்தபோது பார்த்தது தாண்டவராயன். தழும்பு வைத்த தாண்டவராயன். அதை அம்மா பார்ப்பதை நினைத்தபோதுதான் ஜெயம் அம்மாளின் குரல் சரியாகக் கேட்டது. கொழுந்தன் மாதிரி ஆயிடறாரு. கணவன் திரும்புவான் என்று பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு, கணவனின் தம்பியைத் திருப்பிக் காட்டியிருக்கிறாள். அந்த அம்மாள் அதை எவ்வளவு மெதுவாக, எவ்வளவு மரியாதையாகச் சொன்னார்.

பதினாறாம் நாள் பந்தலில் டிவி வைத்தார்கள். படையலுக்குப் பிறகு வீடியோ ஓடியது. அப்பா பார்த்தார், இமைத்தார், துண்டைச் சரிசெய்தார். கடைசியில் வண்டியில் போகிற முதுகு, கேட் வரைக்கும். அங்கே இருண்டு பெயரும் தேதியும் வந்தன. உறவுக்காரர்கள் அழுதார்கள். "அப்படியே இருக்கறாரு" என்று ரெண்டு மூன்று பேர் சொன்னார்கள். வாடிக்கையாளர்கள் இப்படிச் சொல்லும்போது அவளுக்குப் பெருமையாக இருக்கும். இப்போது தலை குனிந்தது. அப்படியே இருக்கிறாரா என்று சொல்லத் தகுதியுள்ளவர்களின் கூட்டத்தில் தான் இல்லை என்று தோன்றியது.

சித்தப்பா திரையை ரொம்ப உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் அருகே வந்து, யாருக்கும் கேட்காமல், "என் கன்னத்த எங்க வெச்ச? தெரியவே இல்லியே" என்றார்.

"வெக்கல சித்தப்பா."

"ஏன், சரியா அமையலயா?"

"அமைஞ்சுது. அதான் வெக்கல."

அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டிவிட்டு இலை போடப் போனார்.

அம்மா கடைசியில் கேட்டாள். கூட்டம் கலைந்து, பந்தல்காரர்கள் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"திரும்பலயா?"

"திரும்பினா வேற யாரோ ஆயிடறாரும்மா. நான் அந்த மூஞ்சிய ஒழுங்கா எடுத்து வெக்கல. இருந்ததையும் அழிச்சுட்டேன்." இதைச் சொல்லும்போது அவள் அம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஞ்சம்மாள் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "வேற யாரும் வேணாம்" என்றாள். பிறகு, "கேட்டு வரைக்கும் போனாரே, அந்த எடம் நல்லா இருந்துது. அப்புறம் திரும்புவாருன்னு எனக்குத் தெரியும்" என்றாள். சமாதானத்துக்குச் சொன்னாளா, உண்மையாகச் சொன்னாளா என்று இளவரசிக்குத் தெரியவில்லை. எதுவானாலும் அவளுக்குக் கூசியது.

வேலைக்குத் திரும்பிய அன்று முதல் வேலையாக ஜெயம் அம்மாளைக் கூப்பிட்டாள்.

"அம்மா, அது மெஷின் பண்ணது இல்ல. உங்க கொழுந்தனாரு படத்த நான்தான் சைடுக்குச் சேத்தேன். உங்களக் கேக்காம."

ஜெயம் அம்மாள் ஆச்சரியப்படவில்லை. "எனக்குத் தெரியும்மா. அவன் மூக்கு எனக்குத் தெரியாதா? பாகம் பிரிக்கறப்போ எங்க வூட்டுக்காரரு மேல கை ஓங்கினவன். செத்தப்பறம் அவரு மேலயே வந்து குந்திக்கினான்." சட்டென்று ஒரு சிரிப்பு, உடனே நின்றது. "நீ இத்தினி நாளா போன எடுக்கல. ஒடம்பு சரியில்லையா?"

"எங்கப்பா தவறிட்டாரும்மா."

"ஐயோ. எப்ப?"

"நீங்க பேசினீங்களே. அப்பதான்."

ஏரிக்கரைக் காட்சியில் பாண்டுரங்கன் திரும்ப வேண்டாம், நேராக நின்று கைகூப்பினால் போதும் என்று பேசி முடித்தார்கள். அன்று மாலைக்குள் இளவரசி அதைச் செய்து அனுப்பினாள். கைகள் முகத்தை மறைக்காமல் மார்போடு நிற்கும்படி பார்த்துக்கொண்டாள். கை குறுக்கே போய் முகம் மறைந்தாலும் கருவி அதை மறந்துவிட்டு வேறொன்றை வரையும். "இவருதான்" என்று பதில் வந்தது.

இப்போதெல்லாம் புது வாடிக்கையாளர் வந்தால் முதலில் சைடு போட்டோ இருக்கிறதா என்று கேட்கிறாள். இல்லையென்றால் திருப்ப முடியாது என்று சொல்லிவிடுகிறாள். அமீர் பாட்சா முகம் சுளிக்கிறார், ஆனால் தடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் போனால் அம்மாவைப் படம் எடுக்கிறாள். நேராக ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. எதற்கு என்று அஞ்சம்மாள் கேட்பதில்லை. தெரிந்துகொண்டே தலையைத் திருப்பிக் கொடுக்கிறாள்.

ஆல்பப் படங்களில் அப்பாவின் வலக்கன்னத்தில் தழும்பை மறுபடி வரைந்துவிட்டாள். சித்தப்பாவின் கன்னம் போனில் இருக்கிறது. பயன்படுத்தவும் இல்லை, நீக்கவும் இல்லை. அப்பா திரும்பும் துண்டு ஸ்டுடியோ கணினியில் காது தெரிகிற ஃபிரேம் வரைக்கும் வந்து நிற்கிறது. அதற்கு மேல் அவள் ஓட்டவில்லை.